சுண்டல் கொடுக்கிற கையில் வேறு என்ன வைக்கலாம்?

"டாக்டர், எங்கள் மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். பாலும் முந்திரியும் அவளுக்குக் கடுமையான அலர்ஜி. மூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு வாய் பாயசம் ஊட்டிவிட, மூச்சுத் திணறி ஐசியூ வரை போய் வந்தோம். இப்போது நவராத்திரி வருகிறது. எங்கள் அபார்ட்மென்டில் ஒன்பது வீட்டில் கொலு வைக்கிறார்கள். அப்புறம் தீபாவளி, நடுவில் இரண்டு பர்த்டே பார்ட்டி. மற்றக் குழந்தைகள் கை நிறைய வாங்கிக்கொண்டு வரும்போது இவள் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறாள். பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்கிறார் கணவர். ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்கிறார் மாமியார். தின்பண்டம் இல்லாமல் வேறு ஏதாவது கொடுக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என்ன கொடுக்கச் சொல்வது, எப்படிக் கேட்பது?"
– ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

போய் வாருங்கள். ஒன்பது வீட்டுக்கும் போகலாம். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதையொட்டி வரும்.

பெரும்பாலான பெற்றோர்கள் குழந்தைக்கு ஒரு பொம்மையோ ஸ்டிக்கரோ வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். "அங்கே எதுவும் வாங்காதே, வீட்டுக்கு வந்ததும் அம்மா தருகிறேன்" என்று சொல்லித்தான் அழைத்துப் போவார்கள். இது பாதிதான் வேலை செய்யும். எல்லாரும் வாங்குகிற அந்த நிமிடத்தில் குழந்தை வெறுங்கையோடுதான் நிற்கிறாள். அரை மணி நேரம் கழித்து வீட்டில் கிடைப்பது வேறு கணக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் கொடுப்பவரிடம் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வந்த குழந்தையை எதுவும் கொடுக்காமல் அனுப்ப யாருக்கும் மனசு வராது. "இவள் சுண்டல் சாப்பிட மாட்டாள் மாமி" என்று நீங்கள் சொன்னதும் அவர் சரி என்று விட்டுவிட மாட்டார், நேராகச் சமையலறைக்குப் போவார். "சுண்டல் வேண்டாமா, அப்போ ஒரு பிஸ்கட் தரட்டுமா? சாக்லேட்?" என்று கேட்டுக்கொண்டே வருவார். நம் கடைகளில் கிடைக்கும் பிஸ்கட்டுகளில் பலவற்றில் பால் பொருள் சேர்ந்திருக்கும். சாக்லேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுண்டலில் தப்பிய குழந்தை பிஸ்கட்டில் மாட்டிக்கொள்வதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாவது உபசரிப்பில்தான் வருகிறது, ஏனென்றால் முதல் உபசரிப்புக்குத்தான் நீங்கள் தயாராக இருப்பீர்கள்.

அதனால் உங்கள் மகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பவர் கையில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். அந்தக் கை காலியாக இருந்தால்தானே வேறு எதையாவது தேடும்.

உங்கள் ஊர் மதுரை என்பதால் ஒரு யோசனை சொல்கிறேன். பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறார்கள், சீசனில் ஊருக்குள்ளும் நிறையக் கடைகள் போடுவார்கள். அங்கே கல்யாண செட், கிரிக்கெட் செட், செட்டியார் கடை செட் என்று சின்னச் சின்னப் பொம்மைகள் சேர்ந்த செட்டுகள் கிடைக்கும். ஒரு கல்யாண ஊர்வல செட் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உங்கள் மகளுக்கென்று ஒரே ஒரு படி கட்டிக் கொடுங்கள், ஓர் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் போட்டு வேட்டி விரித்தால் போதும். அது அவளுடைய கொலு. செட்டில் இருக்கும் பொம்மைகளை ஒன்பதாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்றாக ஒன்பது கவரில் போடுங்கள். முதல் மாடி மாமி வீட்டில் நாதஸ்வரக்காரர் கிடைப்பார், எதிர் வீட்டில் தவில்காரர், இன்னொரு வீட்டில் குடை பிடிப்பவர். மாப்பிள்ளையும் பெண்ணும் கடைசி இரண்டு நாளைக்கு இருக்கட்டும்.

இதில் என்ன நடக்கிறது பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போக அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்கிற ஆவலோடு படியேறுவாள். வீட்டுக்கு வந்ததும் அதை வைக்க ஓர் இடம் இருக்கிறது. ஒன்பது தனித்தனிப் பொருள்களை வாங்கினால் மூன்றாவது நாளே அலுத்துப்போகும், இன்னும் முடியாத ஒரு தொடர் அப்படி அலுக்காது. பொம்மை பிடிக்காவிட்டால் சொப்புச் சாமான் செட் வாங்கலாம்: அம்மி ஒரு வீட்டில், உரல் ஒரு வீட்டில், குடம் ஒரு வீட்டில். மாலை கோர்க்கும் பெரிய மணிகள் கூட நல்லதுதான், நாளுக்கு ஒரு நிறம். தம்பியோ தங்கையோ மூன்று வயதுக்குக் கீழ் வீட்டில் இருந்தால் மணி வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வண்ணம் உதிர்கிற மண் பொம்மையும் வாயில் வைக்கிற வயதுக்கு ஆகாது.

கவர் எப்படி இருக்கிறது என்பது முக்கியம். மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மஞ்சள் பையோ காகிதக் கவரோ எதுவோ, அதே மாதிரியில்தான் இவளுடையதும் இருக்க வேண்டும். ஜிகினா பேப்பர் சுற்றித் தனியாகத் தெரியும்படி செய்யாதீர்கள். மேலே பெயரையும் உங்கள் வீட்டு எண்ணையும் எழுதுங்கள். கொலுவுக்கு வரும் சுமங்கலிகளுக்கு ஏற்கனவே மஞ்சள், குங்குமம், கண்ணாடி, சீப்பு, வளையல், ரவிக்கைத் துணி என்று கொடுக்கிறோம். நவராத்திரியில் தின்ன முடியாத பொருளைக் கொடுப்பது புதுப் பழக்கம் இல்லை. குழந்தைக்கும் அதே நேரத்தில், அதே மாமி கையால் கிடைத்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது.

எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். கவரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் சொன்னால் நிற்காது. இப்படிச் சொல்லலாம்: "மாமி, பாப்பாவுக்குப் பாலும் முந்திரியும் சேராது. கொஞ்சம் பட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். நீங்கள் வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது அவளுக்கு இந்தக் கவரைக் கொடுத்துவிடுங்கள். பிஸ்கட், சாக்லேட், பழம் எதுவும் வேண்டாம்." அவ்வளவுதான். என்ன கொடுக்க வேண்டும் என்பது முன்னால் வரட்டும், என்ன கொடுக்கக் கூடாது என்பது பின்னால் வரட்டும். ஐசியூ கதையை முழுதாகச் சொன்னால் கேட்பவர் பயந்துபோய், குழந்தையைப் பார்த்தாலே "ஐயோ பாவம்" என்பார். அது அவள் காதில் விழ வேண்டாம். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். அதே சமயம் அவர்கள் வீட்டில் சுண்டல் செய்ய வேண்டாம் என்றோ, பாத்திரத்தைத் தனியாகக் கழுவுங்கள் என்றோ கேட்காதீர்கள். கேட்டால் சரி என்பார்கள். செய்தார்களா என்று உங்களுக்குத் தெரியாது.

"சுண்டலில் பாலும் இல்லை, முந்திரியும் இல்லையே, அதைச் சாப்பிடட்டுமே" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். பேச்சில் நியாயம் இருக்கிறது, கொண்டைக்கடலையும் தேங்காயும் அவளுக்கு ஆகும். ஆனால் நெய்யில் தாளிப்பவர்கள் உண்டு. நெய்யில் பால் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும், கடுமையான பால் அலர்ஜிக்கு அது போதும். கேசரியில் போட்ட கரண்டியே சுண்டலிலும் போயிருக்கலாம். அதனால் வெளியே எதுவும் சாப்பிடுவதில்லை, சாப்பாடு நம் வீட்டிலிருந்துதான் என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு "இந்த வீட்டுச் சுண்டல் சரி, அந்த வீட்டுச் சுண்டல் கூடாது" என்பது புரியாது. கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். பசியோடு இருக்கும் குழந்தைக்கு எந்தப் பொம்மையும் ஈடாகாது.

இனி கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறையில் பால் இனிப்பு இருப்பதாலேயே, அதன் வாசனை வருவதாலேயே, இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து வருவது மிக அரிது. பால் கொதித்து ஆவி வரும் சமையலறைக்குள் மட்டும் அவளை நிறுத்தாதீர்கள். தோலில் பட்டாலும் பெரும்பாலும் அந்த இடத்தில் தடிப்போடு நின்றுவிடும். கை வாய்க்குப் போகும்போதுதான் விஷயம் பெரிதாகிறது. ஐந்து வயதில் கை வாய்க்கும் கண்ணுக்கும் போய்க்கொண்டேதான் இருக்கும். பால்கோவா தொட்ட விரலோடு மாமி கவரை எடுத்துக் கொடுத்தால், அந்தக் கவரும் கொஞ்சம் பால்கோவாதான். ஆகவே கவரைச் சுண்டல் தட்டில் வைக்காமல் கொலுப் படிக்குப் பக்கத்தில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். கவரை நீங்கள் வாங்கித் திறந்து பொம்மையை வெளியே எடுத்துக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இங்கே பலர் சானிடைசரை நம்பிவிடுகிறார்கள். அது கிருமியைக் கொல்லும், உணவுப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. வேர்க்கடலையை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில் சோப்பும் ஈரத் துடைப்புத் தாளும் கையைச் சுத்தம் செய்தன, சானிடைசர் போட்ட கையில் புரதம் மிச்சம் இருந்தது. பையில் ஈரத் துடைப்புத் தாள் ஒரு பாக்கெட் இருக்கட்டும்.

முத்தமும் இதில் சேரும். பாயசம் குடித்த வாயோடு கன்னத்தில் முத்தம் கொடுத்தால் கன்னம் தடித்துவிடும். "கன்னத்தில் வேண்டாம் அத்தை, கை கொடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமியாருக்கு வருகிறேன். ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது என்பது அவர் வளர்ந்த காலத்து அனுபவம். உங்கள் மகள் ஐசியூவுக்குப் போனது ஒரு வாயால்தான், அதை நானும் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். போன தடவை எப்படி இருந்தது என்பதை வைத்து அடுத்த தடவையைக் கணிக்க முடியாது. ஒரு தடவை தடிப்போடு போனது இன்னொரு தடவை மூச்சைப் பிடிக்கலாம். எருமைப் பால், ஆட்டுப் பால் என்று மாற்றிக் கொடுத்துப் பார்ப்பதும் ஆகாது, பசும்பால் சேராத குழந்தைக்கு அவையும் பெரும்பாலும் சேராது. முந்திரி சேராதவர்களுக்குப் பிஸ்தாவும் அப்படித்தான்.

இதை அவரிடம் வாதாடி ஜெயிப்பதைவிட ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது. பாட்டிக்குப் பேத்திக்கு ஊட்ட வேண்டும், அது அன்பு. அந்த அன்புக்கு வேறு ஒரு வழி வேண்டும். தீபாவளிக் காலையில் தலையில் எண்ணெய் வைப்பது, புதுத்துணியில் மஞ்சள் தடவிக் கொடுப்பது, மருதாணி இட்டுவிடுவது, புது நாணயம் கையில் வைப்பது எல்லாம் பாட்டியின் உரிமையாக இருக்கட்டும், நீங்களும் உங்கள் கணவரும் விட்டுக்கொடுங்கள். மருதாணி இலையை அரைத்து வைப்பதுதான் நல்லது. சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கிற கோன் வேண்டாம். அதில் கலக்கும் சாயம் குழந்தைத் தோலைப் புண்ணாக்கும், அது வேறு ஓர் அலர்ஜிக்கு வழி. எள் அலர்ஜி உள்ள வீட்டார் இதைப் படித்தால், தலைக்கு நல்லெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வையுங்கள். தீபாவளி லேகியத்தில் நெய் உண்டு, அதனால் உங்கள் மகளுக்கு அது கூடாது. மருந்துதானே என்று யாராவது நாக்கில் தடவிவிடப் போகிறார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

தீபாவளிக்குக் குழந்தையைச் சமாதானப்படுத்தப் பட்டாசு இருக்கிறதே என்று தோன்றும். அவளுக்கு வீசிங் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பட்டாசுப் புகை சரியான பரிசு இல்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தைக்கு உணவு அலர்ஜி வந்தால் அது கடுமையாக வர வாய்ப்பு அதிகம். பாம்பு மாத்திரை பார்க்கச் சாதுவாக இருக்கும், மிக மோசமான புகை அதிலிருந்துதான் வருகிறது. அகல் விளக்குக்கு வண்ணம் பூசுவது, வாசலில் பெரிய கோலத்துக்குக் கலர் போடுவது, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவள் பூசிய விளக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு வேலை அவள் பேரில் இருக்கட்டும். எல்லா வீட்டிலிருந்தும் இனிப்புத் தட்டு உங்கள் வீட்டுக்கு வருகிற நாள் அது. வந்த தட்டை மூடி உயரத்தில் வைத்துவிட்டு, உங்கள் தட்டில் அவளுடைய விளக்கை வைத்து அனுப்பினால் அடுத்த வருஷம் பதிலுக்கு ஏதாவது வரும், அது இனிப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

பர்த்டே பார்ட்டி கொலுவைவிடக் கொஞ்சம் கஷ்டம். காரணம், அங்கே சாப்பாடு கட்டுக்குள் இருக்காது. கேக் வெட்டியதும் க்ரீமை எடுத்து முகத்தில் பூசும் வழக்கம் எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. பால் அலர்ஜிக் குழந்தைக்கு முகத்தில் க்ரீம் என்றால் அது கண்ணிலும் உதட்டிலும் போய்விடும். இதை மட்டும் பார்ட்டி வைப்பவரிடம் இரண்டு நாள் முன்னால் பேசிவிடுங்கள்: கேக் பூசும் விளையாட்டு வேண்டாம், முடியாது என்றால் அந்த ஐந்து நிமிடம் நான் அவளை வெளியே கூட்டிப் போகிறேன் என்று. பெரும்பாலும் அவர்களே விட்டுவிடுவார்கள்.

கேக் நேரத்தில் அவள் கைக்கு ஒரு வேலை இருந்தால் நன்றாக இருக்கும். பேப்பர் பாப்பரை வெடிப்பது, பாட்டைப் போடுவது, ரிட்டர்ன் கிஃப்ட் பையை எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. கேக் தட்டு ஒருபுறம் போய்க்கொண்டிருக்கும்போது, பையைக் கொடுப்பவள் இவள். எல்லாக் குழந்தையும் இவளிடம் வரும். பிறந்தநாள் குழந்தையின் அம்மாவிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்தால் மறுக்க மாட்டார்.

ரிட்டர்ன் கிஃப்ட் பையை வீட்டுக்கு வந்து நீங்கள் திறந்து பாருங்கள். சாக்லேட் உள்ளே இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது மற்றப் பொருள்களைப் பற்றி. விளக்கு எரிகிற மோதிரம், மினுக்குகிற பேட்ஜ் போன்றவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். மூடி ஸ்குரூ போட்டு இறுக்கப்படாமல் இருந்தால் குப்பையில் போடுங்கள். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண உருண்டைகளும் சின்னக் காந்தங்களும் அதே வகை. ஓர் ஆபத்துக்குப் பயந்து இன்னோர் ஆபத்தைப் பையில் போட்டுக் கொடுப்பதாகிவிடும். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அந்த முத்திரை அலர்ஜிக்கான உத்தரவாதம் இல்லை.

ஏனென்றால் தின்பண்டம் இல்லாத பொருளிலும் உணவு இருக்கும். பிசைந்து விளையாடும் வண்ண மாவில் கோதுமை இருப்பது சாதாரணம். உங்கள் மகளுக்கு அது பரவாயில்லை, கோதுமை சேராத குழந்தைக்கு ஆகாது. வீட்டில் செய்த மாவு என்றால் யார் வீட்டு எண்ணெய், என்ன மாவு என்று கேட்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது பால் சோப்பு. ஆட்டுப்பால் சோப்பு, பால் கலந்த லோஷன் எல்லாம் இப்போது அழகான டப்பாவில் கிஃப்டாக வருகின்றன. தூசு பறக்காத சாக்பீஸ் சிலவற்றில் பால் புரதம் சேர்ப்பார்கள், ஆஸ்துமாவும் பால் அலர்ஜியும் சேர்ந்த குழந்தைக்கு வகுப்பில் அதனால் இருமல் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. லிப் பாமில் நட்ஸ் எண்ணெய் இருக்கலாம். பலூன் பெரும்பாலும் ரப்பர் பால்தான், நிஜப் பால் இல்லை, உங்கள் மகளுக்கு அதனால் பயம் இல்லை. வாழைப்பழம், அவகாடோ, கிவி சேராத குழந்தைகளில் சிலருக்கு ரப்பரும் சேராது. பென்சில், அழிப்பான், ஸ்டிக்கர், கிளிப், வளையல், சின்னப் புத்தகம், பம்பரம், விதைப் பாக்கெட் போன்றவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. விதை வாங்கினால் துளசி, சாமந்தி என்று வாங்குங்கள், எள்ளும் கடலையும் வேண்டாம்.

பள்ளியில் பிறந்தநாள் டாஃபி வரும் நாள்களுக்கு டீச்சரிடம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து வையுங்கள். டாஃபித் தட்டு அவளிடம் வரும் அதே நேரத்தில் டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும், அவளே ஒன்றை எடுத்துக்கொள்வாள். மதியம் கூப்பிட்டுத் தனியாகக் கொடுப்பதில் பயன் இல்லை. பென்சில், அழிப்பான் மட்டும்தான் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று வகுப்புக்கே விதி வைத்த பள்ளிகளும் உண்டு. முடிந்தால் கேட்டுப் பாருங்கள், அதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் லிஃப்டில் பார்க்கிற யாரோ ஒருவர் அவள் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிடுவார். அதற்காக அவளுக்கு ஒரு வாக்கியம் பழக்குங்கள்: "தேங்க்ஸ் ஆன்ட்டி, அம்மாகிட்ட கொடுங்க." "எனக்கு அலர்ஜி" என்று சொல்லச் சொன்னால் ஐந்து வயதில் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டுவிடும். வீட்டில் நீங்கள் ஆன்ட்டி, அவள் அவளாகவே, விளையாட்டாகச் சொல்லிப் பழகட்டும். கைக்கு வந்துவிட்டால் பிரிக்காமல் உங்களிடம் தர வேண்டும், தந்த உடனே உங்கள் கைப்பையில் இருக்கும் சின்னப் பெட்டியில் இருந்து அவளே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பெட்டியில் பத்து ரூபாய்ப் பொருள்களே இருக்கட்டும். விலை கூடிய பொம்மையைப் போட்டால், மிட்டாய் தரும் ஆன்ட்டிகளை அவளே தேடிப் போவாள், அப்படி நடந்த வீடுகளும் உண்டு. கோவிலுக்குப் போனால் பஞ்சாமிர்தம் வருவதற்குள் அர்ச்சகரிடம் "பாப்பாவுக்குப் பூ மட்டும் கொடுங்க சாமி" என்று சொல்லிவிடுங்கள். பூவும் குங்குமமும் விபூதியும் பிரசாதம்தான், யாருக்கும் குறை இல்லை.

இந்த ஏற்பாடு எட்டு, ஒன்பது வயது வரைதான் இப்படியே ஓடும். பிறகு அவளுக்குப் பொருள் பெரிதாகத் தெரியாது, கூட்டத்தோடு உட்கார்ந்து ஏதாவது சாப்பிட வேண்டும் என்றிருக்கும். அப்போது நம் வீட்டில் செய்த, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் தின்பண்டம் ஒரு டப்பாவில் கூடவே போக வேண்டும்.

கடைசியாக மருந்து. நீங்கள் எங்கே போனாலும், கீழ்வீட்டுக் கொலுவுக்கே போனாலும், அவசரத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசி மருந்துப் பை கூடவே வர வேண்டும். நம் ஊரில் தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி எளிதாகக் கிடைப்பதில்லை, அதனால் ஆம்பியூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியும் சிரிஞ்சுமாகத்தான் வைத்திருக்கிறோம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பியூலில் எடை கிலோவுக்கு 0.01 மில்லி, அதாவது 18 கிலோ குழந்தைக்கு 0.18 மில்லி, தொடையின் வெளிப்பக்க நடுவில் தசைக்குள் போட வேண்டும். உங்கள் டாக்டர் அவள் எடைக்கு எழுதித் தந்த அளவைத் தாளில் எழுதிப் பைக்குள் ஒட்டி வையுங்கள், போடுவதை அவரிடமே செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், உங்கள் கணவரும் பழக வேண்டும். வெயில் படும் காருக்குள் மருந்தை விட்டுவிடாதீர்கள். தடிப்போடு இருமல், குரல் மாறுவது, மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டுபோவது இவற்றில் எது வந்தாலும் முதலில் ஊசி. அலர்ஜி சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, சிரப் அரிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. ஊசி போட்டதும் 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் உட்காரவையுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் அனுப்பும் வரை அங்கேயே இருங்கள். சில மணி நேரம் கழித்து எதுவும் சாப்பிடாமலேயே அது இரண்டாவது முறை வருவதுண்டு.